மூன்று திரைக்கு லேப்டாப் வாங்குமுன் ஓட்டையைப் பாருங்கள்

வணக்கம் மக்களே. பசியாறிவிட்டீர்களா? இன்றைக்கு செந்தூலில் என் மச்சான் வீட்டிலிருந்து பேசுகிறேன். பின்னால் தெரிகிற மூன்று மானிட்டரும் அவனுடையவை. பகலில் புர்சா மலேசியா, இரவில் அமெரிக்கச் சந்தை என்று இரண்டிலும் பங்கு வாங்கி விற்கிறான். பழைய லேப்டாப் மூச்சு வாங்குகிறது, புதிது பார்த்துக் கொடு என்றான். போன சனிக்கிழமை இரண்டு பேரும் லோயாட் பிளாசாவுக்குப் போய்விட்டு வந்தோம்.

கடையில் முதலில் எல்லோரும் கேட்பது எந்த பிராசசர், எத்தனை ஜிபி ராம் என்றுதான். சார்ட் ஓட்டுவதற்கு அதில் பெரிய ரகசியம் இல்லை. பிரௌசரில் இருபது சார்ட் திறந்தால் 8 ஜிபி திணறும், அதனால் 16 ஜிபிக்குக் குறைந்து வாங்காதீர்கள். விளையாட்டுக்கான தனி கிராபிக்ஸ் கார்டு தேவையே இல்லை. அதன் விசிறிச் சத்தத்தோடு இரவெல்லாம் உட்கார்ந்து பாருங்கள், அப்புறம் புரியும். பணம் வீணாகிற இடம் வேறு. அது லேப்டாப்பின் பக்கவாட்டில் இருக்கிற ஓட்டை.

என் கதையைச் சொல்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மேக்புக் ஏர் வாங்கினேன், எம்2 சிப். கூடவே ஒரு கடையில் இரண்டு எச்டிஎம்ஐ உள்ள ஹப். ‘இரண்டு மானிட்டரும் வரும் பாஸ்’ என்றார் கடைக்காரர். வந்தது. ஆனால் இரண்டிலும் ஒரே படம்! ஹப் கெட்டுப்போய்விட்டது என்று அரை நாள் சண்டை போட்டேன். உண்மை என்னவென்றால், அந்த எம்2 ஏர் வெளித்திரை ஒன்றைத்தான் ஓட்டும். எம்3 ஏரில் மூடியை மூடி வைத்தால் இரண்டு. எம்4 ஏரில்தான் மூடி திறந்திருக்கும்போதே இரண்டு வெளித்திரை வந்தது. அதோடு, ஒரே யுஎஸ்பி-சி வயரில் இரண்டு திரையைப் பிரித்து அனுப்பும் எம்எஸ்டி என்கிற முறையை விண்டோஸ் ஏற்றுக்கொள்ளும், மேக் ஏற்றுக்கொள்ளாது. அதனால்தான் அந்த ஹப் ஒரே படத்தை இரண்டு முறை காட்டியது.

சரி, விண்டோஸ் லேப்டாப்புக்கு வருவோம். மச்சானிடம் இருப்பது 27 அங்குல 1440பி மானிட்டர் ஒன்று, 24 அங்குல 1080பி இரண்டு. லேப்டாப்பின் சொந்தத் திரையையும் சேர்த்தால் நான்கு. இன்டெல் கோரில் 11ஆம் தலைமுறையிலிருந்து உள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் நான்கு திரை வரை தாங்கும். அதற்கு முந்தியவற்றில் மூன்றுதான். செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கிறதே என்று பழையதை வாங்கினால், மூன்றாவது மானிட்டரைச் சொருகியதும் ஏதோ ஒரு திரை அணைந்துவிடும்.

அடுத்தது யுஎஸ்பி-சி. எல்லா யுஎஸ்பி-சி ஓட்டையும் படம் அனுப்பாது. சில சார்ஜுக்கும் பென் டிரைவுக்கும் மட்டும். ஓட்டைக்குப் பக்கத்தில் தண்டர்போல்ட்டின் அம்பு முனை வைத்த மின்னல் குறியோ டிஸ்பிளேபோர்ட்டின் சின்னமோ இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அந்த மாடலின் விவரப் பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

படம் அனுப்பினாலும் இன்னொரு சிக்கல் உண்டு. யுஎஸ்பி-சி வயருக்குள் நான்கு வழித்தடம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஹப்பில் வேகமான யுஎஸ்பி ஓட்டைகளும் இருந்தால், பெரும்பாலும் இரண்டு தடத்தை அவை எடுத்துக்கொள்ளும், படத்துக்கு மிச்சம் இரண்டு. சாதாரண ஹப்பில் அந்த இரண்டு தடத்தில் நொடிக்கு 8.6 கிகாபிட் போகும். 1080பி திரை ஒன்று, 60 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய 3.3 கேட்கும். 1440பி ஏறக்குறைய 5.8. இப்போது கூட்டிப் பாருங்கள். இரண்டு சின்னத் திரை என்றால் 6.6, தாராளமாகப் போகும். பெரியது ஒன்று சின்னது ஒன்று என்றால் 9.1, போகாது. இரண்டில் ஒன்று மங்கலாகும், அல்லது 30 ஹெர்ட்ஸுக்கு இறங்கும், அல்லது வரவே வராது. 30 ஹெர்ட்ஸை எப்படிக் கண்டுபிடிப்பது? மௌஸை வேகமாக ஆட்டுங்கள், அம்பு தத்தித் தத்திப் போகும். Settings > System > Display > Advanced display போனால் எண்ணே தெரியும்.

அதனால் மச்சானுக்கு நாங்கள் போட்ட கணக்கு இதுதான். பெரிய திரை நேராக லேப்டாப்பின் எச்டிஎம்ஐயில். சின்னவை இரண்டும் எம்எஸ்டி ஹப் வழியாக யுஎஸ்பி-சியில். ஆக எச்டிஎம்ஐ ஒன்று, படம் அனுப்பும் யுஎஸ்பி-சி ஒன்று, லேன் ஓட்டை ஒன்று, இந்த மூன்றும் உள்ள லேப்டாப்பைத்தான் தேடினோம். மெலிசான அழகிகளில் லேன் ஓட்டை இருக்காது, கொஞ்சம் தடித்த அலுவலக மாடல்களில் இருக்கும். கடையிலேயே இரண்டு மானிட்டரைக் கடன் கேட்டுச் சொருகிப் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுத்தோம். முகம் சுளித்தார்கள், பரவாயில்லை.

லேன் ஓட்டைக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம்? இந்த அடுக்குமாடியில் வைபை தேடினால் பக்கத்து வீட்டுப் பெயர்கள் வரிசையாக வருகின்றன. விண்டோஸில் Command Prompt திறந்து இதை அடித்து நீங்களே சோதிக்கலாம்:

```
ping -n 100 8.8.8.8
```

வைபையில் ஒரு முறை, வயரில் ஒரு முறை ஓட்டுங்கள். சராசரியைப் பார்க்காதீர்கள். Lost என்பதையும் Maximum என்பதையும் பாருங்கள். இங்கே வைபையில் அவ்வப்போது 200 மில்லி நொடியைத் தாண்டியது, வயரில் ஆடவே இல்லை. லேன் ஓட்டை இல்லாத லேப்டாப் ஏற்கெனவே வைத்திருந்தால் யுஎஸ்பி லேன் அடாப்டர் வாங்கலாம். ஆனால் மானிட்டர் ஹப்பில் சொருகாமல் லேப்டாப்பிலேயே நேராகச் சொருகுங்கள். ஹப் ஒரு நொடி கண்ணயர்ந்தால் திரையும் போய் இணைப்பும் போகக் கூடாது.

அடுத்தது மின்சாரம். கோலாலம்பூரில் சாயங்கால இடி மழையைப் பற்றி நான் சொல்லவா வேண்டும்? புர்சா ஐந்து மணிக்கு மூடும். மழை பல நாள் நான்கு மணிக்கே வந்துவிடும். லேப்டாப்புக்கு பேட்டரி இருக்கிறது, ரௌட்டருக்கு இல்லை. அதனால் ரௌட்டருக்கும் பைபர் மோடத்துக்கும் சேர்த்து ஒரு சின்ன 12 வோல்ட் யுபிஎஸ் வாங்கினோம். அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டும் ஆம்பியரும் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்குங்கள். பைபரே அறுந்தால் போன் ஹாட்ஸ்பாட், அதுவும் வேறு நிறுவனத்து சிம். இணைப்பு மாறும்போது வர்த்தகச் செயலி வெளியே தள்ளி மறுபடி பாஸ்வேர்ட் கேட்கலாம், அதனால் போனிலும் லாகின் செய்தே வைத்திருங்கள்.

இப்போது நேரலையாக ஒரு சோதனை. மச்சான், மெயின் சுவிட்சை அணை.

பார்த்தீர்களா? மூன்று மானிட்டரும் கறுப்பு. லேப்டாப் திரை மட்டும் உயிரோடு, ping இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் இங்கே மச்சான் செய்த தப்பைக் கவனியுங்கள். ஆர்டர் போடும் ஜன்னலை அந்த 27 அங்குலத் திரையில் வைத்திருந்தான். கரண்ட் போன நேரத்தில் விற்க வேண்டும் என்றால் அதைத் தேடி இழுத்து வரவே நேரம் போய்விடும். சார்ட் எல்லாம் வெளியே இருக்கட்டும், ஆர்டர் ஜன்னல் எப்போதும் லேப்டாப்பின் சொந்தத் திரையில். மச்சான், சுவிட்சைப் போடு. போட்டுவிட்டு அதை இந்தப் பக்கம் இழுத்து வை.