ஸ்கிரீன்ஷாட்டை வைத்து ஃபைஃபோ முறையில் இறுதி இருப்பை மதிப்பிடுவது எப்படி?

[திரையில்: கொள்முதல், விற்பனைப் பதிவேடுகளின் படங்கள்]

வணக்கம். ஒரு சீலிங் ஃபேன் கடையின் ஏப்ரல் மாதப் பதிவுகள் டேலியில் இருந்து இரண்டு படங்களாக வந்திருக்கின்றன. ஒன்று கொள்முதல், இன்னொன்று விற்பனை. மாதக் கடைசியில் மிஞ்சிய ஃபேன்களின் மதிப்பு, முதலில் வந்த சரக்கு முதலில் போனது என்று கொள்ளும் ஃபைஃபோ முறையில் வேண்டும்.

கணக்கில் இறங்குவதற்கு முன், படத்தில் வரிகள் விடுபட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். தெரியும் வரிகளை நீங்களே கூட்டுங்கள். அடியில் உள்ள மொத்தத்தோடு பொருந்தவில்லை என்றால் மேலே ஏதோ வெட்டுப்பட்டிருக்கிறது. அப்புறம், தொடக்க இருப்பு கொள்முதல் பதிவேட்டில் வரவே வராது. அதைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். பெரும்பாலான பிழைகள் இங்கேதான் தொடங்குகின்றன.

[திரையில்: கொள்முதல் வரிகள் பெரிதாக]

தொடக்க இருப்பு 10 ஃபேன், ஒன்று 1,500 ரூபாய். ஏப்ரல் 6 அன்று 40 ஃபேன், 1,550 வீதம். ஏப்ரல் 18 அன்று 30 ஃபேன், 1,600 வீதம். இந்தக் கடைசி பில்லின் மொத்தம் 56,640 என்று இருக்கிறது. அதை 30-ஆல் வகுத்துவிடாதீர்கள். அதில் 8,640 ரூபாய் ஜிஎஸ்டி. கடைக்காரர் அதை உள்ளீட்டு வரிக் கழிவாக எடுத்துக்கொள்வதால் அது அடக்க விலையில் சேராது. ஆனால் இதே சரக்குக்குக் கொடுத்த லாரி வாடகை 600 ரூபாய் சேரும். ஆக, ஒரு ஃபேனின் அடக்கம் 1,620.

[திரையில்: விற்பனைப் படம், விலைப் பத்தி மங்கலாக]

விற்பனைப் படத்தில் நமக்கு எண்ணிக்கை மட்டும் போதும். விற்ற விலைக்கு இங்கே வேலை இல்லை. 8-ம் தேதி 18, 22-ம் தேதி 27, மொத்தம் 45. கையில் இருந்தது 80, மிச்சம் 35.

முதலில் வந்தது முதலில் போனது என்று கொண்டால், மிஞ்சியிருப்பது கடைசியாக வந்த சரக்கு. அதனால் கீழிருந்து மேலே எண்ணலாம். 18-ம் தேதி சரக்கு 30 ஃபேனும் அப்படியே இருக்கிறது: 48,600. மீதி 5 ஃபேன் 6-ம் தேதி சரக்கு: 7,750. இருப்பின் மதிப்பு 56,350 ரூபாய்.

சரிபார்ப்போம். விற்றவற்றின் அடக்கம், 10 ஃபேனுக்கு 15,000, 35 ஃபேனுக்கு 54,250. இந்த 69,250-உடன் 56,350-ஐக் கூட்டினால் 1,25,600. வந்த சரக்கின் மொத்த அடக்கமும் அதுவே.

டேலியின் இருப்புத் திரை 54,950 என்று காட்டினால் பதற வேண்டாம். மாற்றாத வரை அது `Avg. Cost` முறையில், சராசரி 1,570 ரூபாய் வைத்துக் கணக்கிடும். சரக்கின் விவரத்தில் அதை `FIFO` என்று மாற்ற வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. வாங்கிய சரக்கைத் திருப்பி அனுப்பியிருந்தால், எந்தத் தேதிச் சரக்கு திரும்பிப் போனது என்று பார்த்து அதிலேயே கழித்த பிறகுதான் கீழிருந்து எண்ண வேண்டும்.