பிடிச்சிருக்கு, ஆனா வீட்டுல...

அவைத்தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நகர்மன்ற உறுப்பினர் அம்மா அவர்களே, வரவேற்புரையில் என்னை அளவுக்கு மீறிப் புகழ்ந்த நூலகர் ஐயா அவர்களே, மைக் செட் தம்பி உட்பட எல்லோருக்கும் வணக்கம். பொன்னாடைக்குப் பதில் புத்தகம் கொடுத்தீர்கள், அதற்குத் தனி நன்றி.

மூன்று விஷயம் பேசுகிறேன்: தயங்குகிறவர் மனசு, பெற்றவர் மனசு, சட்டம்.

"உன்னைப் பிடிச்சிருக்கு, ஆனா வீட்டுல நம்ம ஆளுங்கள்லதான் பார்ப்பாங்க" என்று சொல்கிறவரை உடனே கோழை என்று திட்டாதீர்கள். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்பார்களே, அந்த நிலை. ஆனால் ஒன்று மட்டும் கேளுங்கள்: உன் வீட்டில் யாரிடம் சொல்லியிருக்கிறாய்?

எனக்குத் தெரிந்த ஒரு பெண் அதைத்தான் கேட்டாள். பையன் முதலில் தங்கச்சி கல்யாணம் முடியட்டும் என்றான், முடிந்தது. அப்பா ரிட்டயர் ஆகட்டும் என்றான், அவரும் ஆனார். அப்புறம் பாட்டிக்கு உடம்பு சரியில்லை. ஒருநாள் அவன் போன் அடிக்கிறது, திரையில் "கணேசன் ஆபீஸ்" என்று வருகிறது, கூப்பிட்டது இவள்! (சிரிக்காதீர்கள், உங்களில் எத்தனை பேர் போனில் எத்தனை கணேசனோ.) அவள் சண்டை போடவில்லை. "அப்பாகிட்ட வேண்டாம், அப்பா யார் பேச்சைக் கேட்பாரோ அவங்ககிட்ட இந்த மாசத்துக்குள்ள சொல்லு" என்றாள். அவன் அத்தையிடம் சொன்னான். அத்தை கேட்டது ஒன்றே ஒன்று: "நான் அண்ணன்கிட்ட பேசின பிறகு நீ பின்வாங்க மாட்டியே?" அன்றைக்குத்தான் சேற்றுக்கால் வெளியே வந்தது.

அத்தை பேச ஆரம்பித்தார், அப்பாவும் மெல்ல இளகினார். இதற்குள் இவர்கள் பதிவுத் திருமணத்துக்கு நோட்டீஸ் கொடுத்துவிட்டார்கள். சாதி மட்டும் வேறு, இருவரும் இந்து என்றால் 1967ல் தமிழ்நாடு கொண்டுவந்த சுயமரியாதைத் திருமணப் பிரிவு இருக்கிறது. இவர்களுக்கு மதமே வேறு, மாறவும் விருப்பமில்லை, அதனால் 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம்தான் வழி. அதில் நோட்டீஸை அலுவலகத்தில் எல்லோரும் பார்க்கிற இடத்தில் ஒட்டி, 30 நாள் ஆட்சேபத்துக்குக் காத்திருக்க வேண்டும். தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் அதைப் பார்த்தார், சாயங்காலமே அப்பாவுக்குச் செய்தி போனது. அத்தை பொறுமையாகக் கட்டியதெல்லாம் ஒரே நாளில் சரிந்தது.

இத்தனைக்கும் பெற்றோருக்குச் சம்மதமில்லை என்பது செல்லுகிற ஆட்சேபமே இல்லை. ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 வயது நிரம்பியிருக்கிறதா, ஏற்கெனவே துணை உயிரோடு இருக்கிறாரா, மனநிலை எப்படி, விலக்கப்பட்ட நெருங்கிய உறவா, இவ்வளவுதான் கேள்வி. இதற்கு ஆவணத்தைப் பார்த்தால் போதாதா, சுவரில் ஏன் ஒட்ட வேண்டும்? நோட்டீஸை வெளியிடுவது ஜோடியின் விருப்பம் என்று 2021 ஜனவரியில் அலகாபாத் உயர் நீதிமன்றமே சொல்லிவிட்டது. சட்டம் அப்படியேதான் இருக்கிறது. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று இப்போது நிற்பது யார்?

பெற்றவர் மனசைப் பற்றிப் பேசவில்லை, தலைவர் மணி அடித்துவிட்டார். அந்த ஒட்டும் விதியை நீக்கக் கோரும் மனு வாசலோர மேசையில் இருக்கிறது. பேனாவும் வைத்திருக்கிறோம், போகும்போது கையெழுத்துப் போடுங்கள்.