ஒரே கணக்கில் இரண்டு அடுப்பு

வணக்கம் நேயர்களே. பிரிக்பீல்ட்ஸில் சின்னச் சின்ன வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். போன வருடம் ஓர் அக்கா வந்தார். ஆபீஸ்களுக்கு மதியச் சாப்பாடு போடுகிறவர். "தம்பி, மாசா மாசம் பேங்க்ல காசு ஏறிக்கிட்டுத்தான் இருக்கு. இன்னொரு ஆள் வச்சுக்கலாமா?" என்றார்.

ஒரு மாத ஸ்டேட்மெண்டை மேசையில் விரித்தோம். வரவு 18,000 வெள்ளி. செலவு போக 300 வெள்ளி கூடியிருந்தது. அக்கா சொன்னது உண்மைதான். ஆனால் அந்த வரவில் 3,400 வெள்ளி அவர் வீட்டுக்காரரின் சம்பளம். கடை ஈட்டியது 14,600.

பிறகு பச்சைப் பேனாவால் கடைச் செலவையும் சிவப்பால் வீட்டுச் செலவையும் கோடிட்டோம். மளிகை, காய், கோழி, வாடகை, கேஸ், டப்பா, வேன், ஆள் சம்பளம் எல்லாம் சேர்த்துப் பச்சை 13,800. அதாவது லாபம் 800 வெள்ளி. சிவப்பு 3,900. அதில் பெரும்பகுதியைச் சுமந்தது வீட்டுக்காரர் சம்பளம்.

இன்னொன்றும் இருந்தது. கடைக்கு வாங்கிய அரிசி, கோழியில்தான் வீட்டுச் சமையலும். மாதம் 300 வெள்ளி இருக்கும் என்று அவரே மதிப்பிட்டார். அது கடைச் செலவே இல்லை. செலவிலிருந்து அதைக் கழித்தால் லாபம் 1,100. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து சமைக்கிற முதலாளிக்கு 1,100 வெள்ளி. அவரிடம் வேலை செய்யும் ஆளுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 1,700. அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை.

எஸ்எஸ்எம் பதிவுச் சான்றிதழோடு போய்க் கடை பேரில் நடப்புக் கணக்கு திறந்தோம். கல்லாவில் ஒட்டியிருந்த கியூஆர் அவருடைய சொந்தக் கணக்கினுடையது. இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். அதை உரித்துக் கடையினுடையதை ஒட்டினோம். ரொக்கத்தில் கைவைக்காமல் முழுசாகப் பேங்கில் கட்டச் சொன்னேன். கல்லாவிலிருந்து மீன் வாங்கிவிட்டால் அந்த விற்பனையும் தெரியாது, செலவும் தெரியாது. வீட்டுக்கு மாதம் ஒரு தடவை, ஒரே தொகை. அது முதலாளி தனக்கென்று எடுக்கும் எடுப்புத்தான், கடைச் செலவு இல்லை. லாபத்தில் கழிக்கக் கூடாது.

மூன்று மாதத்தில் தெரிந்துவிட்டது: ஒரு பொட்டலத்துக்கு 50 காசு ஏற்றினால்தான் கட்டுப்படியாகும். ஏற்றினார். இரண்டு ஆபீஸ் நின்றுபோனது, மற்றவை தொடர்ந்தன.

கணக்கைப் பிரித்ததோடு எல்லாம் தெளிந்துவிடாது. அதற்கப்புறம் ஒரு மாதம் கடைக் கணக்கில் 3,000 வெள்ளி நிற்கிறதென்று சந்தோஷமாகப் போன் செய்தார். மளிகைக்காரருக்குப் பாக்கி உண்டா என்றேன். ஃப்ரிட்ஜ் கதவில் காந்தத்துக்கு அடியில் ஒரு பில் இருந்ததாம். 2,200.