கேம் ஆரம்பத்துல மட்டும் ஏன் திக்குது? ஷேடர் கம்பைலேஷன் ஸ்டட்டர்

[திரையில்: இருட்டான கல் மண்டபம். கதாபாத்திரம் முதல்முறையா தீப்பந்தத்தை ஏத்துது. படம் உறைஞ்சு, அப்புறம் தாவுது.]

பார்த்தீங்களா? பந்தத்தைப் பத்த வச்ச அதே நேரத்துல படம் நின்னுபோச்சு. இப்போ சேவ் ஃபைலை லோட் பண்ணி, இதே மண்டபத்துக்கு, இதே பந்தத்தோட திரும்ப வர்றேன்.

[இரண்டாவது முறை. தடங்கல் இல்லை.]

இந்தத் தடவை எதுவுமே இல்லை. கிராஃபிக்ஸ் கார்டு மாறல, செட்டிங்ஸ் மாறல. இதைப் பார்த்துட்டு நிறைய பேர் கார்டுக்குப் பவர் பத்தலைன்னு நினைச்சு எல்லா செட்டிங்ஸையும் லோவுக்கு இறக்கிடுறாங்க. அப்படி இறக்கியும் புது கேம்ல இதே திக்கல் வந்துட்டுதான் இருக்கும். ஏன்னா அந்த நேரத்துல கார்டு வேலையே செய்யல, காத்துக்கிட்டு இருக்கு. எதுக்காகக் காத்திருக்குங்கிறதுதான் இந்த வீடியோ.

[திரையில்: ஃப்ரேம் டைம் கிராஃப். தட்டையான கோடு, நடுவுல ஒரு உயரமான முள்.]

கேம் 60 FPS-ல ஓடணும்னா ஒவ்வொரு ஃப்ரேமும் 16.7 மில்லி செகண்டுக்குள்ள முடியணும். இந்த முள்ளோட உயரம் 130 மில்லி செகண்ட். அதாவது எட்டு ஃப்ரேம் வர வேண்டிய நேரத்துல ஒரே ஒரு ஃப்ரேம்தான் வந்திருக்கு. ஆனா சராசரி FPS-ஐப் பார்த்தா 59-னு காட்டும், இந்தத் திக்கல் அதுல தெரியவே தெரியாது. அதனால FPS நம்பரை விட்டுட்டு ஃப்ரேம் டைம் கிராஃபைப் பாருங்க.

அந்த 130 மில்லி செகண்ட்ல என்ன நடந்துச்சு?

தீச்சுவாலையோட ஒவ்வொரு பிக்சலுக்கும் என்ன நிறம்னு கணக்குப் போடுறது ஒரு சின்ன ப்ரோகிராம். அதுதான் ஷேடர். கேம் கம்பெனில அதை HLSL-ங்கிற மொழில எழுதுறாங்க. டைரக்ட்எக்ஸ் 12 கேமா இருந்தா, அதை DXIL-ங்கிற இடைநிலைக் கோடா மாத்தி உங்களுக்கு அனுப்புறாங்க. இது பாதி சமைச்ச பரோட்டா மாதிரி. உங்க வீட்டுக் கல்லுல போட்டு எடுத்தாத்தான் சாப்பிட முடியும்.

முழுசாவே சமைச்சு அனுப்பலாமேன்னு கேட்பீங்க. முடியாது. என்விடியா கார்டுக்குப் புரியுற மெஷின் கோடு ஏஎம்டி கார்டுக்குப் புரியாது. ஒரே கம்பெனியோட பழைய தலைமுறைக் கார்டுக்கும் புதுசுக்கும்கூட அது வேற வேற. உங்க கம்ப்யூட்டர்ல எந்தக் கார்டு இருக்கு, எந்த டிரைவர் இருக்குன்னு கேம் கம்பெனிக்குத் தெரியாது. அதனால அந்தக் கடைசிக் கம்பைலேஷனை உங்க வீட்டுல, உங்க டிரைவர்தான் பண்ணியாகணும். பிளேஸ்டேஷன் 5-ல இந்தப் பிரச்சினை இல்லாததுக்குக் காரணமும் இதுதான். அங்க எந்த சிப்னு முன்னாடியே தெரியும், கம்பெனிலயே முடிச்சு அனுப்பிடுறாங்க.

சரி, உங்க வீட்டுலதான் நடக்கணும். ஆனா அது எப்போ நடக்குதுங்கிறதுலதான் சிக்கலே இருக்கு.

[திரையில்: ஒரு பெட்டிக்குள்ள ஷேடர்கள், பிளெண்ட் அமைப்பு, டெப்த் அமைப்பு ஒவ்வொண்ணா விழுது.]

2015-ல டைரக்ட்எக்ஸ் 12 வந்தப்போ, ஒரு பொருளை வரையத் தேவையான எல்லாத்தையும் ஒரே கட்டாக் கட்டித் தரச் சொன்னாங்க. அதுக்குப் பேரு பைப்லைன் ஸ்டேட் ஆப்ஜெக்ட், சுருக்கமா PSO. நம்ம தீச்சுவாலைக்கு வெர்டெக்ஸ் ஷேடர், பிக்சல் ஷேடர், பின்னாடி இருக்குற சுவரோட தீயோட வெளிச்சம் எப்படிக் கலக்கணும்ங்கிற பிளெண்ட் அமைப்பு, எந்த ஃபார்மட்ல எழுதணும், எல்லாம் அந்தக் கட்டுக்குள்ள இருக்கு. இதுல ஒண்ணே ஒண்ணு மாறினாலும் அது வேற PSO.

நோக்கம் நல்ல நோக்கம்தான். டைரக்ட்எக்ஸ் 11-ல இந்த விஷயங்களை கேம் தனித்தனியா சொல்லும். எப்போ என்ன கம்பைல் பண்றதுன்னு டிரைவரே யூகிச்சு, முடிஞ்ச வரைக்கும் பின்னணியில பண்ணி வைக்கும். 12-ல அந்தப் பொறுப்பு கேம் கிட்ட வந்துடுச்சு. முன்கூட்டியே கட்டைக் கொடுத்துட்டா, விளையாடும்போது எந்தத் தடங்கலும் இருக்காது.

நம்ம கேம் கொடுக்கல. பந்தம் ஏறுன பிறகுதான் தீச்சுவாலைக்கான PSO-வைக் கேட்டுச்சு. டிரைவர் அப்போதான் கம்பைல் பண்ண ஆரம்பிச்சுது. அது முடியுற வரைக்கும் அந்த ஃப்ரேமை வரைய முடியாது. ஆட்டத்தோட ஆரம்பத்துல எல்லாமே முதல் தடவைதானே? முதல் பந்தம், முதல் மழை, முதல் எதிரி, முதல் வெடி. அதனாலதான் முதல் பத்து நிமிஷம் அப்படித் திக்குது.

[திரையில்: ஹார்ட் டிஸ்க்கில் ஒரு ஃபோல்டர் நிரம்புது.]

ஒரு தடவை கம்பைல் பண்ணதை டிரைவர் தூக்கிப் போடுறதில்லை, டிஸ்க்ல எழுதி வச்சுக்குது. இதுதான் ஷேடர் கேஷ். ரெண்டாவது தடவை அதே கட்டு வந்தா, படிச்சுக் கொடுத்துட்டுப் போயிடும். அதனாலதான் ரெண்டாவது பந்தம் சுகமா எரிஞ்சுது.

ஆனா கேஷ்ல இருக்குறது இந்தக் கார்டுக்கு, இந்த டிரைவருக்குச் செஞ்சது. டிரைவரை அப்டேட் பண்ணா பழசு செல்லாது, திக்கல் திரும்ப வரும். ரெண்டு நாள் விளையாடினா தானா போயிடும், பயப்பட வேண்டாம். விண்டோஸ் டிஸ்க் க்ளீனப்ல `DirectX Shader Cache`-னு ஒரு டிக் இருக்கு, இடம் மிச்சம் பண்றேன்னு அதைப் போட்டாலும் இதே கதைதான். என்விடியா வச்சிருக்கவங்க, கன்ட்ரோல் பேனல்ல `Shader Cache Size`-ஐ 10 GB ஆக்கிடுங்க. கேஷ் நிரம்பிட்டா பழசை அழிச்சுடும், நிறைய கேம் மாத்தி மாத்தி விளையாடுறவங்களுக்கு இது உதவும்.

சில கேம்கள் முதல்ல திறக்கும்போதே ஷேடர்களைத் தயார் பண்றேன்னு ஒரு ஸ்கிரீன் காட்டுமே, அதைத் தயவுசெஞ்சு ஸ்கிப் பண்ணாதீங்க. அங்கதான் கட்டுகளை முன்கூட்டியே கொடுக்குது. பிராசசர் 100 சதவீதம் ஓடும், பரவாயில்லை. அதையும் தாண்டித் திக்குதுன்னா அந்தப் பட்டியல்ல ஓட்டை இருக்குன்னு அர்த்தம். பல கேம்கள்ல டெஸ்ட்டர்கள் விளையாடும்போது எந்தெந்த PSO வந்துச்சுன்னு பதிவு பண்ணித்தான் அந்தப் பட்டியலைத் தயார் பண்றாங்க. டெஸ்ட்டர் போகாத குகைக்கு நீங்க போனீங்கன்னா அங்க திக்கும். அன்ரியல் எஞ்சின் 5.1-ல இருந்து வேற வழி வந்திருக்கு. பந்தம் மெமரிக்குள்ள லோட் ஆகும்போதே அதுக்கான PSO-வைப் பின்னணியில கம்பைல் பண்ண ஆரம்பிச்சுடும். என் பார்வைல இதுதான் சரியான வழி.

ஸ்டீம் டெக்ல ஒரு வசதி. எல்லார் கையிலயும் ஒரே வகை சிப்ங்கிறதால, வால்வ் கம்பைல் ஆன கேஷையே ஸ்டீம் வழியா அனுப்பிடுது. 2025-ல மைக்ரோசாஃப்ட்டும் ROG Xbox Ally கருவில இதே மாதிரி, கேமோட சேர்த்து கேஷையும் டவுன்லோடு பண்ற ஏற்பாட்டைத் தொடங்கியிருக்கு.

[திரையில்: இரண்டு கிராஃப்கள், ஒண்ணுக்குக் கீழ ஒண்ணு.]

கடைசியா, உங்க கேம்ல வர்றது இந்தத் திக்கல்தானான்னு பார்க்க ஒரு வழி. திக்குன இடத்துக்குத் திரும்பப் போங்க. மேல இருக்குற கிராஃப்ல ரெண்டாவது தடவை முள் இல்லை, அது ஷேடர். கீழ இருக்குற கிராஃப்ல அதே கதவைத் தாண்டும்போது ஒவ்வொரு தடவையும் முள் வருது. அது அடுத்த பகுதியை லோட் பண்றதால வர்ற தடங்கல். அதுக்கு எந்தக் கேஷும் உதவாது, கேம் கம்பெனி பேட்ச் விட்டாத்தான் உண்டு.