லிரா முந்தியது, விலைவாசி துரத்தியது

நேயர்களுக்கு வணக்கம். பக்கத்தில் ஒரு துண்டுக் காகிதமும் பேனாவும் இருந்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இன்று கொஞ்சம் பெருக்கலும் வகுத்தலும் இருக்கிறது. இல்லாவிட்டாலும் பரவாயில்லை, நான் நிதானமாகவே சொல்கிறேன்.

ஒரு நாட்டில் விலைவாசி விறுவிறுவென்று ஏறுகிறது, இன்னொரு நாட்டில் மெல்ல ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். வேகமாக ஏறும் நாட்டின் பணம் மற்ற நாட்டுப் பணத்துக்கு எதிரே மதிப்பு குறையும். எவ்வளவு குறையும்? ஏறக்குறைய அந்த இரண்டு பணவீக்கத்துக்கும் உள்ள இடைவெளி அளவுக்கு. இதற்குப் பெயர் ஒப்பீட்டு வாங்கும் சக்திச் சமநிலை. முதல் உலகப் போரில் பல நாடுகள் பணத்தை அச்சடித்துத் தள்ளி, பழைய மாற்று விகிதங்கள் எல்லாம் அர்த்தமிழந்து போயிருந்தன. புது விகிதத்தை எதை வைத்து முடிவு செய்வது என்ற கேள்விக்கு சுவீடன் பொருளியலாளர் குஸ்தாவ் காசெல் சொன்ன பதிலில் இந்தக் கருத்து வளர்ந்தது. 'வாங்கும் சக்திச் சமநிலை' என்று 1918-ல் பெயர் வைத்தவரும் அவர்தான்.

'ஒப்பீட்டு' என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒரே பொருள் இரண்டு நாட்டிலும் ஒரே விலைக்கு விற்க வேண்டும் என்று இந்தக் கணக்கு கேட்பதில்லை. சுங்கவரி, கப்பல் கூலி, வாடகை எல்லாம் சேர்ந்து விலைகள் வித்தியாசமாகவே இருக்கட்டும். அந்த வித்தியாசம் ஆண்டுக்காண்டு பெரிதாக மாறாமல் இருந்தால் போதும். விலை எவ்வளவு என்பது இங்கே முக்கியமில்லை, எவ்வளவு ஏறியது என்பதுதான் கணக்கு.

இதைத் துருக்கி லிராவை வைத்துப் பார்ப்போம். 2020 கடைசியில் ஒரு டாலருக்கு சுமார் 7.43 லிரா. அடுத்த ஓராண்டில் துருக்கியின் அதிகாரபூர்வப் பணவீக்கம் 36 சதவீதம், அமெரிக்காவில் 7 சதவீதம். 1.36-ஐ 1.07-ஆல் வகுத்தால் 1.27 வரும். அதை 7.43-ஆல் பெருக்கினால் ஒன்பதரை லிராவுக்குக் கொஞ்சம் குறைவு. ஆக, 2021 கடைசியில் டாலர் ஒன்பதரை லிராவில் நின்றிருக்க வேண்டும்.

நின்றதோ 13.30 அருகே. அதுகூட இறங்கி வந்த விலைதான். டிசம்பர் 20-ஆம் தேதி டாலர் 18 லிராவைத் தாண்டியது. அன்று மாலை அரசு, லிராவில் வைப்பு வைத்திருப்பவர்களுக்கு மாற்று விகித நட்டத்தை ஈடுகட்டுவோம் என்று அறிவித்ததும் சில மணி நேரத்தில் மளமளவென்று இறங்கியது. சில மணி நேரத்தில் அங்காடியில் அரிசியும் சோப்பும் விலை மாறுவதில்லை. கணக்கு எங்கே தவறுகிறது என்பது இந்த ஓர் இரவிலேயே தெரிகிறது. நாணயம் எதிர்பார்ப்பில் ஓடுகிறது, விலைப்பட்டியல் நடந்து வருகிறது. அந்த ஆண்டு செப்டம்பரிலிருந்து டிசம்பருக்குள் துருக்கி மத்திய வங்கி வட்டியை 19 சதவீதத்திலிருந்து 14-க்குக் குறைத்தது. விலைவாசி ஏறும்போது வட்டி இறங்கினால் யார் லிராவைக் கையில் வைத்துக்கொண்டிருப்பார்கள்?

இங்கே ஓர் இடைச்செருகல். பாடம் நடத்தும்போது நான் அடிக்கடி பார்க்கும் பிழைகள் இரண்டு. டாலரின் விலை 7.43-லிருந்து 13.30 ஆனது, அதாவது 79 சதவீதம் ஏறியது. உடனே 'லிரா 79 சதவீதம் விழுந்தது' என்று எழுதிவிடுவார்கள். லிராவின் பக்கமிருந்து பார்த்தால் இழப்பு 44 சதவீதம்தான். அடுத்தது, வகுக்காமல் கழிப்பது. பணவீக்கம் 5, 3 என்று இருக்கும்போது கழித்தாலும் பெரிய வித்தியாசம் வராது. 2022-ல் துருக்கியில் 64 சதவீதம், அமெரிக்காவில் ஆறரை. கழித்தால் கிட்டத்தட்ட 58 வரும், வகுத்தால் 54. கழித்தவருக்கு நாலு புள்ளி கூடுதலாக வந்துவிடுகிறது.

சரி, கதைக்கு வருவோம். முதல் ஆண்டு முடிவில் டாலர், கணக்கு சொன்ன விலையைவிட 41 சதவீதம் மேலே நின்றது. இத்தோடு காகிதத்தைக் கசக்கிப் போட்டுவிடலாம் என்று தோன்றும். போடாதீர்கள், அதே கணக்கை நீட்டிக்கொண்டே போவோம். 2022 முடிவில் டாலர் 18.70, கணக்கின்படி 14.60. இடைவெளி 28 சதவீதம். அடுத்த ஆண்டு அது ஏறக்குறைய அப்படியே நின்றது. 2024 டிசம்பருக்கு வரும்போது துருக்கியின் விலைவாசி நான்கு ஆண்டில் 5.3 மடங்காகியிருந்தது, அமெரிக்காவில் 1.21 மடங்கு. வகுத்துப் பெருக்கினால் டாலருக்கு 32.60 லிரா. சந்தையில் இருந்தது 35.40 அருகே. இடைவெளி 9 சதவீதமாகச் சுருங்கிவிட்டது.

முதல் ஆண்டில் படுதோல்வி, நான்காம் ஆண்டில் கிட்டத்தட்ட சரி. ஏன் என்பதுதான் எனக்கு இதில் மிகவும் சுவையான பகுதி. இடைவெளி மூடியது லிரா பழைய இடத்துக்குத் திரும்பியதால் அல்ல, லிரா ஒவ்வோர் ஆண்டும் விழுந்துகொண்டேதான் இருந்தது. விலைவாசி அதைவிட வேகமாக ஓடிப் பிடித்தது. டாலர் விலை ஏறியதும் இறக்குமதியாகும் எரிபொருளும் மூலப்பொருளும் விலை ஏறின, பிறகு போக்குவரத்து, பிறகு கூலி, பிறகு எல்லாமும். 2022-ன் 64 சதவீதத்தில் ஒரு பங்கு 2021-ன் வீழ்ச்சி ஈன்ற குட்டி. ஆக, பணவீக்க வித்தியாசம் நாணயத்தை இழுக்கிறது என்று மட்டும் சொன்னால் பாதிக் கதைதான். நாணயமும் பணவீக்கத்தை இழுக்கிறது. அதனால்தான் அடுத்த ஆண்டு டாலர் என்ன விலை என்று இந்தக் கணக்கிடம் கேட்பதில் பயனில்லை. இன்றைய விலை, விலைவாசி சொல்லும் இடத்திலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று கேட்டால் உருப்படியான பதில் வரும்.

அதற்கும் எல்லை உண்டு. இரண்டு நாட்டிலும் பணவீக்கம் ஒன்றிரண்டு சதவீதம் என்றால் அந்தச் சின்ன வித்தியாசம் சொல்லும் சமிக்ஞை மற்ற ஏற்ற இறக்கங்களின் இரைச்சலில் மூழ்கிவிடும். 2014 மே மாதம் 1.39 டாலராக இருந்த யூரோ அடுத்த மார்ச்சில் 1.05-க்கு வந்தது. பணவீக்க வித்தியாசத்தை எப்படித் திருகினாலும் அந்த வீழ்ச்சி வராது. தொடங்கும் ஆண்டும் முக்கியம். 2020-லேயே லிரா மலிவாகத்தான் இருந்தது என்று நீங்கள் வாதிட்டால், நான் சொன்ன 9 சதவீதம் மாறிவிடும். பணவீக்கத்தை அளக்கும் விலைவாசிக் குறியீடும் நம்பும்படி இருக்க வேண்டும். துருக்கியில் சுதந்திர ஆய்வாளர் குழு ஒன்று 2021-க்குச் சொன்ன பணவீக்கம் 36 அல்ல, 83 சதவீதம். அதைப் போட்டால் 12.70 லிரா வருகிறது, உண்மை விலைக்கு வெகு அருகே. உடனே கைதட்ட வேண்டாம். அதே குழு 2022-க்குச் சொன்ன 137 சதவீதத்தையும் சேர்த்தால் 28 லிராவுக்கு மேல் போய்விடும், சந்தையில் இருந்ததோ 18.70.

கடைசியாக 2024-ஐ மட்டும் தனியே பாருங்கள். அந்த ஆண்டு துருக்கியில் விலைவாசி 44 சதவீதம் ஏறியது, டாலரோ 20 சதவீதம்தான் ஏறியது. ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு சட்டை தைக்க 295 லிரா செலவானது என்று வைத்துக்கொள்வோம். அன்றைய விலையில் அது 10 டாலர். செலவு விலைவாசியோடு சேர்ந்தே ஏறினால் ஆண்டுக் கடைசியில் அதே சட்டைக்கு 426 லிரா, புதிய விலையில் 12 டாலர். வெளிநாட்டில் வாங்குபவர் பார்ப்பது அந்த 12-ஐத்தான். லிரா விழுந்துகொண்டே இருந்த ஆண்டில், லிரா போதுமான அளவு விழவில்லை என்று அந்நாட்டு ஆயத்த ஆடை ஏற்றுமதியாளர்கள் குறைப்பட்டுக்கொண்டது இதனால்தான்.