வேலிக்கு இந்தப் பக்கம் காடு

நேயர்களுக்கு வணக்கம்.

ஆந்திரத்தின் நகரி மலையடிவாரத்தில் எங்கள் குடும்பத்துக்கு இரண்டரை ஏக்கர் மாந்தோப்பு இருக்கிறது. எல்லாம் பெங்களூரா மரங்கள். தோப்பின் முள்வேலியைத் தாண்டினால் காப்புக்காடு தொடங்குகிறது. பாறை, கள்ளி, இடையிடையே செம்மரம், வெப்பாலை. ஊரில் யாரைக் கேட்டாலும் வேலிக்கு இந்தப் பக்கம் தோப்பு, அந்தப் பக்கம் காடு என்பார்கள். ஆனால் இந்திய வன நிலை அறிக்கையின் கணக்குப்படி, இந்தப் பக்கம் காடாகவும் அந்தப் பக்கம் வெறும் புதராகவும் பதிவாகலாம். யாரோ செய்த பிழையால் வருவதல்ல இது, அறிக்கையின் வரையறையே அப்படி.

டேராடூனில் உள்ள இந்திய வன அளவை நிறுவனம் 1987 முதல் ஏறத்தாழ இரண்டாண்டுக்கு ஒருமுறை இந்த அறிக்கையை வெளியிடுகிறது. அதில் 'வனப்பரப்பு' என்றால், ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் மரங்களின் தலைவிரிப்பு 10 சதவீதத்துக்குக் குறையாமல் நிழல் போர்த்தியிருக்க வேண்டும். அவ்வளவுதான். நிலம் யாருடையது, மரம் தானாக முளைத்ததா நட்டதா, மாவா தென்னையா என்ற கேள்வியே கிடையாது. நிழல் 70 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் மிக அடர்ந்த காடு. 40 முதல் 70 வரை நடுத்தர அடர்த்தி. 10 முதல் 40 வரை திறந்த காடு. வன நிலமாக இருந்தும் 10-ஐ எட்டாதது புதர்க்காடு. இது வனப்பரப்பில் சேராது, பக்கத்திலேயே தனிக் கட்டத்தில் நிற்கும்.

இப்போது எங்கள் தோப்புக்கு வருகிறேன். இரண்டரை ஏக்கர் என்பது ஒரு ஹெக்டேரை மயிரிழையில் தாண்டுகிறது. பத்து மீட்டருக்கு ஒரு மரம் என்று என் அப்பா நட்டார், ஆகவே ஏறத்தாழ நூறு மரங்கள். கன்றுகள் வளர்ந்து தலை மூன்று மீட்டர் அகலம் விரிந்தபோது, ஒரு மரத்தின் நிழல் ஏழு சதுர மீட்டர். நூறு மரத்துக்கு எழுநூறு. ஒரு ஹெக்டேர் பத்தாயிரம் சதுர மீட்டர் என்பதால் இது 7 சதவீதம்தான், காடல்ல. பட்டா நிலம் என்பதால் புதர்க்காடும் அல்ல. தலை ஆறு மீட்டர் ஆனபோது மரத்துக்கு 28 சதுர மீட்டர், மொத்தம் 28 சதவீதம். தோப்பு திறந்த காடாகிவிட்டது. இன்று எட்டு மீட்டர் விரிந்து நிற்கும் மரங்கள் 50 சதவீதம் நிழல் தருகின்றன. அதாவது நடுத்தர அடர்த்திக் காடு. நாங்கள் மருந்தடித்து, காய் பறித்து, கூழ் ஆலைக்கு அனுப்பிக்கொண்டேதான் இருந்தோம். காடு வளர்த்ததாக எங்களுக்கே தெரியாது.

செயற்கைக்கோள் மரத்தை எண்ணுவதில்லை. இந்த வேலைக்குப் பயன்படும் ரிசோர்ஸ்சாட் படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் 23.5 மீட்டர் சதுரம். எங்கள் தோப்பு முழுவதும் பதினெட்டே புள்ளிகள். ஒரு புள்ளிக்குள் ஐந்தாறு மரமும் நடுவிலுள்ள உழவு மண்ணும் கலந்து ஒரே நிறமாகிவிடும். பச்சை இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்ளும், கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பை வாரித் திருப்பி அனுப்பும். எடுத்துக்காட்டாக ஒரு புள்ளி அகச்சிவப்பில் 40 பங்கும் சிவப்பில் 5 பங்கும் திருப்பினால், வித்தியாசம் 35, கூட்டுத்தொகை 45. முன்னதைப் பின்னதால் வகுத்தால் 0.78 வருகிறது. நல்ல இலைச்செறிவு என்று பொருள். காய்ந்த புல்லும் பாறையும் உள்ள புள்ளி 28-உம் 20-உம் திருப்பினால் விடை 0.17-தான்.

ஆனால் இந்த எண் பச்சையின் அளவைச் சொல்லும், மரமா செடியா என்று சொல்லாது. சில ஆண்டுகள் களச் சரிபார்ப்புக் குழுக்களோடு வழிகாட்டியாக மலையேறியிருக்கிறேன். ஒருமுறை படத்தில் செக்கச்செவேலென்று ஒரு சரிவு தெரிந்தது. அந்த வகைப் படங்களில் இலைதான் சிவப்பாகத் தெரியும். அடர்ந்த காடு என்று நினைத்து இரண்டு மணி நேரம் ஏறிப் போய்ப் பார்த்தால், இடுப்பளவு உண்ணிச்செடி. ஒரு மரம்கூட இல்லை, சட்டை கிழிந்ததுதான் மிச்சம். இப்படிப்பட்ட களைகளையும் கரும்பு போன்ற பயிர்களையும் அடையாளம் கண்டு, கணக்கிலிருந்து மறைத்துவிட்டுத்தான் வகை பிரிக்க வேண்டும். அந்த வேலைக்குக் கால் நடந்தே ஆக வேண்டும்.

2021-ஆம் ஆண்டு அறிக்கையை எடுத்துப் பாருங்கள். ஆந்திரத்தில் சட்டப்படி காடாகப் பதிவான நிலம் 37,258 சதுர கிலோமீட்டர், வனப்பரப்போ 29,784. கேரளத்தில் தலைகீழ். பதிவான காடு 11,522, வனப்பரப்பு 21,253. வனத்துறையிடம் இருப்பதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு காடு அங்கே எப்படி வந்தது? ரப்பர், தென்னை, வீட்டைச் சுற்றிய பலாவும் ஆஞ்சிலியும். நம் பக்கத்தில் அந்த இடைவெளியைப் புரிந்துகொள்ளப் புதர்க்காட்டுக் கட்டத்தைப் பார்க்க வேண்டும். ஆந்திரத்துக்கு அது எட்டாயிரம் சதுர கிலோமீட்டரைத் தாண்டுகிறது. அறிக்கை இதைச் சீரழிந்த வன நிலம் என்கிறது. அந்தச் சொல்லில் எனக்கு உடன்பாடில்லை. வெட்டியும் மேய்த்தும் சீரழிந்த சரிவுகள் இருப்பது உண்மைதான். ஆனால் பாறை மேல் விரற்கடை மண் உள்ள இடத்தில் அடர்ந்த காடு எந்தக் காலத்திலும் இருந்திருக்காது. வானத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்.

இன்னொரு சிக்கல் மாதம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை எடுத்த படத்தையே பெரும்பாலும் விரும்புவார்கள். நாட்டின் பெரும்பகுதியில் அப்போது வானம் தெளிவு, மரத்தில் இலையும் இருக்கும். 2021 என்று பெயர் கொண்ட அறிக்கைக்கு அடிப்படை 2019-இன் கடைசி மாதங்களில் எடுத்த படங்கள். நம் சீமைக்கோ அதுதான் வடகிழக்குப் பருவமழைக் காலம். மேகம் மூடிக்கொண்டால் அடுத்து வரும் மாதங்களின் படத்தைத் தேட வேண்டும். பிப்ரவரியில் மா இலையோடு நிற்கும். செம்மரம் மொட்டையாகிவிடும்.

இதைச் சோதிக்கக் கருவி தேவையில்லை. நேர்கோட்டில் நூறு அடி எடுத்து வையுங்கள். ஒவ்வோர் அடியிலும் நேர் மேலே அண்ணாந்து, இலை தெரிந்தால் ஒன்று என்று எண்ணுங்கள். தரையில் விழும் நிழலை நம்பாதீர்கள், டிசம்பர் வெயில் உச்சியிலும் சாய்வாகத்தான் விழும். எங்கள் தோப்பில் நான் நடந்தபோது 52 வந்தது, எந்த மாதம் நடந்தாலும் ஒன்றிரண்டு கூடும் குறையும். வேலிக்கு மேலே காப்புக்காட்டில் டிசம்பரில் நடந்தேன், 24 வந்தது. திறந்த காடு. அதே வழியில் மார்ச்சில் நடந்தபோது 9. ஒரு மரத்தைக்கூட யாரும் வெட்டியிருக்கவில்லை.