குடுவையா, தராசா: செறிவைச் சொல்லும் மூன்று வழிகள்

நேயர்களுக்கு வணக்கம். ஒரு மோல் சாப்பாட்டு உப்பு 58.44 கிராம். இதில் 'ஒரு மோலார்' கரைசல் கேட்டால், பலர் உப்பின் மேல் ஒரு லிட்டர் தண்ணீரை அளந்து ஊற்றிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் கரைசலின் மொத்தப் பருமன் லிட்டரைத் தாண்டி ஏறக்குறைய 20 மில்லிலிட்டர் கூடிவிடும். கிடைப்பது சுமார் 0.98 மோலார்தான்.

மோலாரிட்டி என்பது ஒரு லிட்டர் கரைசலில் எத்தனை மோல் என்பது. கவனியுங்கள், கரைசலில், தண்ணீரில் அல்ல. அதனால் முதலில் கொஞ்சம் தண்ணீரில் உப்பைக் கரைத்து, அளவுக் குடுவைக்கு மாற்றி, பிறகுதான் கழுத்திலுள்ள கோடு வரை நிரப்ப வேண்டும்.

இந்தக் கோட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். காஸ்டிக் சோடா கரையும்போது கரைசல் நன்றாகச் சூடாகும். ஆறும் முன்பே, 40 டிகிரியில், கோடு வரை நிரப்பிவிட்டால் என்ன ஆகும்? 25 டிகிரிக்கு வரும்போது பருமன் சுமார் அரை சதவீதம் சுருங்கி, மட்டம் கோட்டுக்குக் கீழே இறங்கிவிடும். ஒரு மோலார் என்று லேபிள் ஒட்டியது உண்மையில் 1.005 மோலார். அரை சதவீதம்தானே என்று விட முடியாது. டைட்ரேஷனில் 25 மில்லிலிட்டருக்கு அது 0.12 மில்லிலிட்டர் வித்தியாசம். பியூரெட்டில் ஒரு சிறு கோட்டுக்கும் அதிகம். ஆறவிட்டு நிரப்புங்கள். ஆனாலும் டைட்ரேஷனுக்கு மோலாரிட்டிதான் வசதி, ஏனென்றால் பியூரெட் அளப்பது பருமனை. அதை மோலாரிட்டியால் பெருக்கினால் மோல் வந்துவிடும்.

கரைசலைச் சூடாக்கியோ குளிர்வித்தோ அளக்கும் சோதனைகளில் இது உதவாது. வெப்பநிலையோடு பருமன் மாறும், எடை மாறாது. அங்கே மோலாலிட்டி: ஒரு கிலோ கரைப்பானில் எத்தனை மோல். ஒரு கிலோ தண்ணீரில் 60 கிராம் யூரியா, அதாவது ஒரு மோல், கரைத்தால் உறைநிலை சுமார் 1.86 டிகிரி இறங்கும். இதற்குக் குடுவையே வேண்டாம், தராசு போதும். அறை எத்தனை டிகிரியில் இருந்தாலும் கரைசல் ஒரு மோலால்தான்.

நேரம் நெருங்கிவிட்டது, மோல் பின்னத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 98 சதவீத கந்தக அமிலப் பாட்டிலை எடுத்துக்கொள்ளுங்கள். அது 18.4 மோலார். மோலாலிட்டியில் சொன்னால் ஏறக்குறைய 500! தண்ணீரைக் கரைப்பானாக வைத்து, நூறு கிராமில் இருக்கிற அதன் இரண்டு கிராமால் வகுப்பதால் வரும் எண் அது. மொத்த மோல்களில் அமிலத்தின் பங்கு எவ்வளவு, அதாவது அதன் மோல் பின்னம் என்ன என்று கேட்டால் 0.90, தண்ணீர் 0.10. எது கரைப்பான் என்ற கேள்வியே எழவில்லை. பென்சீன், டொலுவீன் போன்ற கலவைகளின் ஆவி அழுத்தத்துக்கும் இதுவே பொருந்தும்: பென்சீனின் மோல் பின்னம் 0.5 என்றால், அது தரும் ஆவி அழுத்தம் அதே வெப்பநிலையில் தூய பென்சீன் தருவதில் ஏறக்குறைய பாதி. வணக்கம்.